காலையில் விரியும் ஸ்பிரெட், மதியம் சுருங்குவது ஏன்?

*"சந்தை திறந்ததும் ஒரு கால் ஆப்ஷன் வாங்கினால், பங்கு விலை அசையாமல் இருக்கும்போதே கணக்கில் பெரிய நட்டம் காட்டுகிறது. மதியம் வாங்கினால் அப்படி இல்லை, ஆனால் லிமிட் ஆர்டர் நிறைவேற நேரம் பிடிக்கிறது. முடியும் நேரத்தில் சில நாள் நல்ல விலை, சில நாள் மோசமான விலை. காலையில்தானே வியாபாரம் அதிகம், பிறகு ஏன் இப்படி? எந்த நேரத்தில் ஆர்டர் போடுவது?"*

வியாபாரம் அதிகமாக நடப்பதும், நாம் நினைத்த விலைக்குப் பக்கத்தில் வாங்கவோ விற்கவோ முடிவதும் வேறு வேறு. காலையில் முதலாவது இருக்கும், இரண்டாவது இருக்காது. அவசரத்தில் இருப்பவர்கள் நிறையப் பேர் ஒரே நேரத்தில் வருவதால் கைமாறும் எண்ணிக்கை கூடுகிறது. அந்த அவசரத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் அதற்கான கூலியை விலையிலேயே எடுத்துக்கொள்கிறார்.

அந்த எதிர்ப்பக்கம் நிற்பவர் யார் என்பதிலிருந்து தொடங்கினால் மீதி எல்லாம் எளிது. பங்கில் நீங்கள் வாங்கும்போது விற்பவர் உங்களைப் போன்ற இன்னொரு முதலீட்டாளராக இருக்கலாம். ஆப்ஷனில் ஒரே பங்குக்குப் பல எக்ஸ்பயரி, ஒவ்வொன்றிலும் டஜன் கணக்கில் ஸ்ட்ரைக். நீங்கள் கேட்கும் அதே ஸ்ட்ரைக்கை அதே நொடியில் விற்க இன்னொரு சாதாரண ஆள் காத்திருப்பது அரிது. எனவே பெரும்பாலும் விற்பவர், வாங்கவும் விற்கவும் எப்போதும் விலை போட்டு நிற்கும் மார்க்கெட் மேக்கர். பங்கு ஏறுமா இறங்குமா என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. உங்களுக்குக் கால் விற்றதும் டெல்டா அளவுக்கு, அதாவது பங்கு ஒன்று நகர்ந்தால் ஆப்ஷன் எவ்வளவு நகருமோ அந்த விகிதத்துக்கு, பங்கை வாங்கி ஹெட்ஜ் செய்துவிடுவார். அதன் பிறகு அவர் கையில் மிஞ்சுவது ஏற்ற இறக்கத்தின் மீதான பந்தயம் மட்டும், அதாவது ஐ.வி. என்று சுருக்கமாகச் சொல்கிற இம்ப்ளைடு வாலட்டிலிட்டி.

அவர் வாங்கத் தயாராக இருக்கும் விலை பிட், விற்கத் தயாராக இருக்கும் விலை ஆஸ்க், இரண்டுக்கும் உள்ள தூரம்தான் ஸ்பிரெட். ஆக, அவர் போடும் ஸ்பிரெட்டில் இரண்டு பெரிய கூறுகள் உண்டு. ஒன்று, ஹெட்ஜ் செய்யும்போது பங்கின் ஸ்பிரெட்டில் அவர் இழப்பது. மற்றொன்று, சரியான ஐ.வி. எது என்று அவருக்கே நிச்சயம் இல்லாத அளவு. நாளின் எந்த நேரத்தில் எந்தக் கூறு எவ்வளவு என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

ஒரே கான்ட்ராக்டை நாள் முழுக்கப் பின்தொடர்வோம். பங்கு விலை 250. ஸ்ட்ரைக் 250, எக்ஸ்பயரிக்கு 30 நாள், ஐ.வி. 30. வட்டியை விட்டுவிட்டால் இந்தக் காலின் நியாயமான விலை 8.60 அளவில் வரும். டெல்டா ஏறக்குறைய 0.5. வேகா 0.29, அதாவது ஐ.வி. ஒரு புள்ளி மாறினால் ஆப்ஷன் விலை 0.29 மாறும். ஒரு கான்ட்ராக்ட் 100 பங்கு, விலை 0.05 படிகளில் நகரும் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு தெளிவாக இருக்க, பங்கு நாள் முழுக்க 250-ஐச் சுற்றியே இருக்கட்டும். எண்கள் என் உதாரணம்தான், ஆனால் நடுத்தரமாக வியாபாரமாகும் ஒரு பங்கில் நீங்கள் திரையில் பார்ப்பது இந்த மாதிரிதான் இருக்கும்.

சந்தை திறந்த முதல் சில நிமிடங்கள். இரவு வந்த செய்திகளைப் பங்கு இன்னும் செரித்து முடிக்கவில்லை. பங்கின் பிட் 249.85, ஆஸ்க் 250.15, ஸ்பிரெட் 0.30. டெல்டா 0.5 என்பதால் ஆப்ஷனில் இது 0.15 ஆகிறது. ஐ.வி. விஷயத்தில் அவர் இன்னும் இருட்டில் இருக்கிறார். நேற்று மாலை 30 என்று இருந்தது, இன்று எத்தனை என்று சொல்ல இன்னும் போதுமான வியாபாரம் நடக்கவில்லை. 29-க்கு வாங்கலாம், 31-க்கு விற்கலாம் என்று தூரமாக நிற்கிறார். இரண்டு புள்ளிக்கு 0.58. இரண்டையும் கூட்டினால் 0.73. படிகளுக்குத் தோதாக அவர் திரையில் போடுவது 8.20 பிட், 9.00 ஆஸ்க்.

நீங்கள் 9.00-க்கு வாங்கினீர்கள். உங்கள் புரோக்கர் கணக்கை பிட் விலையில் மதிப்பிட்டால், அந்த நொடியே 0.80 நட்டம் தெரியும். ஒரு கான்ட்ராக்டுக்கு 80. போட்ட 900-ல் ஏறக்குறைய 9 சதவீதம். நீங்கள் சொன்ன "பங்கு அசையவில்லை, நட்டம் வந்துவிட்டது" இதுதான்.

இங்கே கவனியுங்கள், அந்த 0.73-ல் பங்கின் ஸ்பிரெட்டால் வந்தது ஐந்தில் ஒரு பங்குதான். மீதி ஐ.வி. பற்றிய அறியாமையின் விலை. அதனால்தான் பங்கின் ஸ்பிரெட் இரண்டாவது நிமிடமே சுருங்கிவிட்டாலும் ஆப்ஷனின் ஸ்பிரெட் உடனே சுருங்குவதில்லை. பல ஸ்ட்ரைக்குகளில் சில உண்மையான ஆர்டர்கள் நடந்து முடிந்த பிறகே அவர் தன் ஐ.வி. வளைகோட்டை நம்பத் தொடங்குகிறார். அதற்குப் பத்து நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். பெரிய செய்தி வந்த நாளில் இன்னும் கூடும்.

இன்னொரு நுணுக்கம், பங்கு திறந்த அதே நொடியில் எல்லா ஆப்ஷனும் திறந்துவிடுவதில்லை. அமெரிக்க ஆப்ஷன் சந்தைகளில் முதலில் பங்கு திறக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு ஸ்ட்ரைக்கும் தனித்தனியாகத் திறப்பு ஏலத்தின் வழியே திறக்கும். பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் உள்ள தூரம் அனுமதித்த எல்லைக்குள் வரும்வரை அந்த ஸ்ட்ரைக் காத்திருக்கும். இரவே போட்டுவைத்த மார்க்கெட் ஆர்டர் இந்த ஏலத்தில்தான் போய் விழும், எந்த விலையில் என்பது விழுந்த பிறகே தெரியும். ஆப்ஷனில் இரவு மார்க்கெட் ஆர்டர் வைப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

ஸ்டாப் ஆர்டரும் இதே வகை. ஒருமுறை ஒரு காலுக்கு 8.30-ல் ஸ்டாப் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். காலையில் பங்கு முந்தைய நாள் விலையிலேயே திறந்தது. ஆனால் பிட் முதல் நிமிடம் 8.20 என்று வந்து நின்றது. என் புரோக்கரின் அமைப்பில் ஸ்டாப் பிட்டைப் பார்த்து எழும், எழுந்ததும் மார்க்கெட் ஆர்டராக மாறும். விற்றுவிட்டது. கால் மணி நேரத்தில் பிட் 8.45. என் பங்கு என்னை ஏமாற்றவில்லை, ஸ்பிரெட்தான் ஏமாற்றியது. உங்கள் புரோக்கரில் ஸ்டாப் எதைப் பார்த்து எழுகிறது என்பதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிட்டா, கடைசியாக நடந்த விலையா, பங்கின் விலையா? மூன்றாவது இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

"சரி, காலையிலும் லிமிட் ஆர்டர் போட்டு நடு விலையில் வாங்கிவிட்டால்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். இதில்தான் பலரும் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். 8.20க்கும் 9.00க்கும் நடுவே 8.60. அங்கே ஆர்டர் போட்டுக் காத்திருக்கிறீர்கள். பங்கு 250-லேயே நின்றால் 8.60-க்கு யாரும் விற்க வரமாட்டார்கள், அவர்களுக்கு அதில் லாபம் இல்லை. பங்கு 0.40 ஏறினால் கால் 8.80 ஆகிவிடும், உங்கள் ஆர்டர் அப்படியே கிடக்கும். பங்கு 0.40 இறங்கினால் காலின் நியாயமான விலை 8.40. நீங்கள் இன்னும் 8.60 தருகிறேன் என்று நிற்கிறீர்கள். அந்தக் கணத்தில் ஆர்டர் நிறைவேறும். காலை நேரத்தில் பங்கு 0.40 நகர்வதற்குச் சில நொடிகள் போதும், நீங்கள் ஆர்டரை மாற்ற எடுக்கும் நேரத்தைவிடக் குறைவு.

"நடு விலையில் கிடைத்தது" என்று மகிழ்வீர்கள். உண்மையில் நிறைவேறிய கணத்து நடு விலை 8.40, நீங்கள் கொடுத்தது 8.60. ஒரு கான்ட்ராக்டுக்கு 20 கூடுதல். ஏறும்போது கிடைக்காமலும் இறங்கும்போது மட்டும் கிடைத்தும் போகிற ஆர்டர் அது. அசையாமல் கிடக்கும் லிமிட் ஆர்டர், வேகமாக நகரும் சந்தையில் மற்றவர்களுக்கு நீங்கள் இலவசமாக எழுதிக்கொடுத்த ஆப்ஷன்.

இப்போது மதியம். பங்கின் ஸ்பிரெட் 0.03, ஆப்ஷனில் அதன் பங்கு 0.015. ஐ.வி. 29.8-க்கும் 30.2-க்கும் இடையே என்று மார்க்கெட் மேக்கருக்குத் தெரிந்துவிட்டது, 0.4 புள்ளிக்கு 0.12. கூட்டினால் 0.13 சொச்சம். திரையில் 8.55 / 8.70. காலையில் 0.80 இருந்தது 0.15 ஆகிவிட்டது. வியாபார எண்ணிக்கை குறைவு, ஆனாலும் செலவு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே.

மதியம் நடு விலை 8.625. 8.60-ல் தொடங்குங்கள். அரை நிமிடம் பாருங்கள், கிடைக்காவிட்டால் 8.65. பெரும்பாலும் அங்கே கிடைத்துவிடும், ஏனென்றால் 8.65-க்கு விற்பதில் மார்க்கெட் மேக்கருக்கு இன்னும் கொஞ்சம் லாபம் இருக்கிறது. பங்கு அமைதியாக இருப்பதால் உங்கள் ஆர்டர் கிடக்கும் அந்த ஒரு நிமிடத்தில் உங்களைக் கவிழ்க்கும் நகர்வு வருவதற்கான வாய்ப்பும் குறைவு. நடு விலையிலிருந்து கூடுதலாகக் கொடுத்தது 0.025, ஒரு கான்ட்ராக்டுக்கு 2.50. காலையில் "நடு விலையில் கிடைத்த" அந்த வெற்றிக்கு ஆன செலவு 20.

நீங்கள் சொன்ன தாமதத்துக்குக் காரணம் இரண்டு. காலையில் உங்கள் ஆர்டர் சட்டென நிறைவேறியது பங்கு ஓடியதால், அதாவது உங்களுக்கு எதிராக ஓடியபோது. மதியம் பங்கு ஓடவில்லை, அதனால் யாராவது மனம் வைத்து உங்களுக்கு விற்க வேண்டும். இரண்டாவது, மதியம் ஒவ்வொரு விலையிலும் காட்டப்படும் அளவு சிறியதாக இருக்கலாம். ஐந்து கான்ட்ராக்ட் வாங்குபவருக்கு அது பொருட்டே அல்ல. நூறு வாங்குபவர் 20 காட்டும் இடத்தில் மொத்தத்தையும் ஒரேயடியாக ஆஸ்க்கில் போட்டால் அடுத்த விலைகளுக்கு ஏறிவிடும். பத்துப் பதினைந்தாகப் போட்டு, மார்க்கெட் மேக்கர் ஹெட்ஜ் முடித்து அளவை மீண்டும் காட்டும்வரை காத்திருந்தால் அதே விலையில் தொடர்ந்து கிடைக்கும்.

மதியம் என்பது கடிகாரம் சொல்வது மட்டும் அல்ல. அமெரிக்க மத்திய வங்கி வட்டி முடிவை நியூயார்க் நேரம் பிற்பகல் 2 மணிக்கு அறிவிக்கும் நாளில், அதற்குச் சில நிமிடங்கள் முன்பே அளவுகள் மெலிந்து ஸ்பிரெட் விரிந்துவிடும். அறிவிப்புக்குப் பின் ஐ.வி. எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, ஆக அது இன்னொரு காலை. ஹாங்காங் போல மதிய இடைவேளை விடும் சந்தையில் இடைவேளைக்குப் பின் திறக்கும் நிமிடங்களும் சிறிய அளவில் அப்படித்தான்.

முடியும் நேரத்தில் சில நாள் நல்ல விலை, சில நாள் மோசமான விலை என்றீர்கள். அநேகமாக நீங்கள் இரண்டு வேறு நேரங்களை ஒன்றாகப் பார்க்கிறீர்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் பங்கில் வியாபாரம் மீண்டும் கூடும், ஆனால் காலையைப் போல் அறியாமை இல்லை. ஹெட்ஜ் செய்வது மிகவும் மலிவு. நாள் முழுக்கச் சேர்ந்த இருப்பை மார்க்கெட் மேக்கரும் குறைக்கப் பார்ப்பார். அவர் நிறையக் கால்களை வாங்கி வைத்திருக்கும் நாளில் நீங்கள் கால் வாங்கப் போனால் நடு விலையிலேயே, சில சமயம் அதற்கும் கீழே, விற்றுவிடுவார். பங்குகளின் ஸ்பிரெட் காலையிலும் மாலையிலும் விரிவதையும், ஆப்ஷன் ஸ்பிரெட் திறந்தபின் சட்டெனக் குறைந்து அப்படியே சமமாக நிற்பதையும் 1995-ல் வந்த ஓர் ஆய்வு நியூயார்க் பங்குச் சந்தை, சிகாகோ ஆப்ஷன் சந்தைத் தரவுகளில் காட்டியது. அன்று இருந்த சந்தை வேறு, இன்று எல்லாம் கணினி. ஆனால் காலையில் ஆப்ஷன் ஸ்பிரெட் விரிந்து பிறகு சுருங்கும் அந்த வடிவத்தை இன்றும் திரையில் பார்க்கலாம்.

கடைசிச் சில நிமிடங்கள் வேறு கதை. நியூயார்க்கில் பங்குகளுக்கு முடிவு ஏலம் உண்டு, ஆப்ஷனுக்கு அது கிடையாது. ஏலத்தில் பங்கு வாங்கவோ விற்கவோ மார்க்கெட்-ஆன்-குளோஸ் ஆர்டர் கொடுக்க நியூயார்க் பங்குச் சந்தையில் 3:50 வரை நேரம், நாஸ்டாக்கில் 3:55. அதற்குப் பின் ஆப்ஷன் வாங்கிய மார்க்கெட் மேக்கருக்கு ஹெட்ஜ் செய்யும் வழி குறுகிக்கொண்டே போகிறது. 3:59-க்கு உங்களிடம் ஒன்றை வாங்கினால், ஹெட்ஜ் ஆகாத மிச்சத்தை இரவு முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கலாம். அந்தப் பயத்தை அவர் விலையில் சேர்ப்பார், அளவைக் குறைப்பார். நம் உதாரணக் காலில் 3:30-க்கு 0.15 இருந்த ஸ்பிரெட், கடைசி இரண்டு நிமிடத்தில் 0.30, 0.40 ஆவதில் ஆச்சரியம் இல்லை. சந்தை முடிந்த பின் உங்கள் கணக்கு காட்டும் லாப நட்டம் இந்த விரிந்த கடைசி விலைகளை வைத்துத்தான் கணக்கிடப்படும், ஆகவே மாலை தெரியும் எண்ணைப் பார்த்து மனம் கலங்க வேண்டாம்.

எக்ஸ்பயரி நாளின் மாலையில் ஒரு விஷயம் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். பங்கு 262, உங்களிடம் 250 கால். உள்ளார்ந்த மதிப்பு 12. ஆனால் பிட் 11.70 என்று நிற்கலாம். அந்த 0.30 மார்க்கெட் மேக்கர் ஹெட்ஜுக்கும் தொந்தரவுக்கும் எடுத்துக்கொள்ளும் கழிவு. 11.95-க்கு ஆர்டர் போட்டுப் படிப்படியாக இறங்குங்கள், கடைசிப் பத்து நிமிடத்துக்கு இதை விட்டுவைக்காதீர்கள். முன்பே செய்திருந்தால் பெரும்பாலும் 12-க்குப் பக்கத்தில் விற்றிருக்கலாம்.

காலையிலேயே வெளியேறியே ஆக வேண்டும் என்றால்? கையில் ஐந்து கால் இருக்கிறது, பங்கு இறங்கும் என்று பயம். 8.20-ல் விற்றால் நடு விலையிலிருந்து 0.40 வீதம் 500 பங்கு அளவுக்கு 200 இழப்பு. அதற்குப் பதில் பங்கையே விற்கலாம். ஐந்து காலின் டெல்டா 250 பங்கு. 249.85-ல் 250 பங்கை ஷார்ட் விற்றால் பாதி ஸ்பிரெட் 0.15 வீதம் 37.50 செலவு. சிறிய நகர்வுகளுக்கு இப்போது உங்கள் நிலை பங்கு விலையைச் சார்ந்து இல்லை. மதியம் ஸ்பிரெட் சுருங்கியதும் அந்த ஐந்து கால்களையும் பிட்டிலேயே விற்றாலும் 0.075 வீதம் 37.50. பங்கைத் திரும்ப வாங்க 3.75. மொத்தம் 79 அளவில், 200-க்குப் பதில். கமிஷனும் ஷார்ட் விற்பதற்கான மார்ஜினும் தனி. ஐ.வி. இறங்கினால் அந்த இழப்பு உங்களுடையதுதான், ஐந்து காலுக்கு ஒரு புள்ளிக்கு 145. ஆகவே இரவில் நிறுவன முடிவுகள் வந்து ஐ.வி. சரியப் போகிறது என்று தெரிந்த காலையில் இந்த வழி உதவாது. அன்று 8.20-ஐ ஏற்காமல், 8.40 போன்ற ஒரு விலையில் லிமிட் போட்டு, பங்கு நகர நகர அதையும் நகர்த்திக்கொண்டே போவதுதான் வழி.

எல்லா ஆப்ஷனுக்கும் இந்த நேரக் கணக்கு பொருந்தாது. தூரத்து ஸ்ட்ரைக்கில் 0.10 / 0.15 என்று நிற்கும் ஆப்ஷனில் ஸ்பிரெட் ஏற்கெனவே ஒரே படி. மதியம் வரை காத்திருந்தாலும் 0.05-க்குக் கீழே போக இடமில்லை. அங்கே செலவைத் தீர்மானிப்பது படியின் அளவு, நேரம் அல்ல. வியாபாரமே இல்லாத பங்கின் ஆப்ஷனும் அப்படித்தான். காலையில் விரிந்து நின்ற ஸ்பிரெட் மாலையிலும் ஏறக்குறைய அதே அகலத்தில் நிற்கும், ஏனென்றால் ஐ.வி. என்ன என்று சொல்ல அங்கே நாள் முழுக்க யாரும் வருவதில்லை.

"எத்தனை மணிக்கு" என்பதற்கு நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. திரையில் தெரியும் ஸ்பிரெட்டை வேகாவால் வகுக்கிறேன். காலையில் 0.80-ஐ 0.29-ஆல் வகுத்தால் 2.76 ஐ.வி. புள்ளி. மதியம் 0.15-ஐ வகுத்தால் 0.5. ஒவ்வொரு பங்குக்கும் அதன் வழக்கமான எண் ஒன்று உண்டு, ஒரு வாரம் மதிய நேரத்தில் குறித்துவந்தால் தெரிந்துவிடும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் காலை பத்தாவது நிமிடமானாலும் ஆர்டர் போடுவேன். வரவில்லை என்றால் மதியமே ஆனாலும் ஏதோ செய்தி இருக்கிறது என்று அர்த்தம். ஆர்டர் நிறைவேறியதும் அந்தக் கணத்து நடு விலையையும் ஒரு நிமிடம் கழித்த நடு விலையையும் எழுதிவையுங்கள். முப்பது ஆர்டர்களை எழுதி, அவற்றைத் திறப்பு, மதியம், முடிவு என்று பிரித்துப் பார்த்தால், ஒரு நிமிடம் கழித்து விலை தொடர்ந்து உங்களுக்கு எதிராகவே போயிருக்கும் வரிசை எது என்று தெரியும். என் ஏட்டில் அது முதல் கால் மணி நேரம்.